பன்னிரண்டு இரவுப் பயணத்தில் எதை முன்பதிவு செய்வது, எதை விட்டுவைப்பது?

கேள்வி: அக்டோபரில் நானும் கணவரும் ஸ்பெயின் போகிறோம். 12 இரவு. மாட்ரிட், கோர்டோபா, செவில், கிரனாடா என்று ஊர்களை மட்டும் முடிவு செய்திருக்கிறோம். ஒவ்வொரு மணி நேரத்தையும் இப்போதே பதிவு செய்துவிட வேண்டும் என்கிறார் அவர். விமான டிக்கெட் தவிர எதுவும் வேண்டாம், போன இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. எவ்வளவு தூரம் முன்பதிவு செய்யலாம், எவ்வளவு விட்டுவைக்கலாம்?

பதில்:

"பாதி பதிவு, பாதி சுதந்திரம்" என்று மொத்தமாகப் பிரிக்கப் பார்த்தால் இது தீராது. பயணத்தில் வரும் ஒவ்வொரு உருப்படியையும் தனியாக எடுத்து இரண்டு விஷயங்களைப் பாருங்கள். நீங்கள் அங்கே போய்ச் சேர்வதற்குள் அது தீர்ந்துபோகுமா? அது கிடைக்காமலோ தவறியோ போனால், அதோடு சேர்ந்து வேறு எதெல்லாம் கெடும்? தீர்ந்துபோகக்கூடியதும், தவறினால் மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு விழக்கூடியதும்தான் முன்கூட்டியே உறுதியாக வேண்டியவை. இரண்டுமே இல்லாதவற்றைப் பதிவு செய்வதால் பாதுகாப்பு ஒன்றும் கூடாது, இடம் மாற்றிக்கொள்ளும் வசதிதான் போகும்.

உங்கள் பட்டியலில் இந்த இரண்டு கேள்விக்கும் "ஆம்" என்று வருவது முதலில் கிரனாடாவின் அல்ஹம்பிரா என்ற கோட்டை-அரண்மனை வளாகம். அங்கே ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு. உள்ளே இருக்கும் நஸ்ரிட் அரண்மனைகளுக்கு டிக்கெட்டிலேயே நுழைவு நேரம் அச்சிட்டிருக்கும். அந்த நேரம் தவறினால் தோட்டங்களையும் கோட்டையையும் பார்க்கலாம், அரண்மனைகளுக்குள் விடமாட்டார்கள். டிக்கெட் பெயரில் வருவதால் பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். அக்டோபரில் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடுவது சாதாரணம். கிரனாடாவுக்குப் போகும் பெரும்பாலோர் அதற்காகத்தான் போகிறார்கள் என்பதால், அந்த டிக்கெட் கிடைக்கவில்லையென்றால் அந்த ஊரில் தங்கும் இரவுகளுக்கே காரணம் குறைந்துவிடும். ஆகவே உங்கள் பயணத்தின் தேதிகள் அல்ஹம்பிராவைச் சுற்றித்தான் அமைய வேண்டும். ஊர்களை வரிசைப்படுத்திவிட்டு அதற்குள் அல்ஹம்பிராவைச் செருகப் பார்ப்பதுதான் பலருக்கும் நேரும் சிக்கல்.

அதனால் வேலையின் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் அல்ஹம்பிராவின் அதிகாரப்பூர்வ விற்பனைப் பக்கத்தில் உங்கள் தேதிகளில் இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், வாங்க வேண்டாம். அடுத்து விமானம். விமானம் உறுதியானதும் அன்றே அல்ஹம்பிரா. அதன் பிறகுதான் ஓட்டல்கள், கடைசியாக நீண்ட தூர ரயில். அல்ஹம்பிராவை முதலில் வாங்கிவிட்டு விமானம் தேடினால், ஒரு டிக்கெட்டுக்காக அதிக விலைக்கு விமானம் வாங்க நேரலாம். விமானத்தை வாங்கி இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் அல்ஹம்பிரா போயிருக்கலாம்.

விமானத்தில் ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மாட்ரிட்டில் இறங்கி மாட்ரிட்டிலேயே ஏறினால் கடைசியில் ஒரு நாள் திரும்பி வருவதற்கே போய்விடும். தேடும்போது "பல நகரங்கள்" என்ற வகையைத் தேர்ந்து, மாட்ரிட்டில் இறங்கி, கிரனாடாவுக்குப் பக்கத்தில் இருக்கும் மலாகாவில் ஏறுவதுபோலப் பாருங்கள். பல சமயம் விலை வித்தியாசம் சிறிதாகவே இருக்கும். இரண்டையும் ஒரே டிக்கெட்டில் வாங்குவது நல்லது. அப்படி வாங்கிய டிக்கெட்டில் ஒரு கட்டத்தில் ஏறாமல் விட்டால் மிச்சக் கட்டங்களை விமான நிறுவனம் ரத்து செய்துவிடுவது வழக்கம். மனம் மாறினால் ஒரு பகுதியை மட்டும் விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். இந்தப் பயணத்தில் உண்மையிலேயே அசைக்க முடியாதவை இந்த இரு முனைகளும் அல்ஹம்பிராவும்தான்.

இப்போது இரவுகளுக்கு வருவோம். நான் கடைப்பிடிக்கச் சொல்வது இது: படுக்கையை உறுதி செய்யுங்கள், பகலை விட்டுவையுங்கள், நடுவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் படுக்கையையும் திறந்து விடுங்கள். ஒவ்வொரு ஊரிலும் ஓர் இரவைத் திறந்து விட்டால் அது சுதந்திரமாக இருக்காது. ஒவ்வொரு மாலையும் போனைப் பிடித்துக்கொண்டு அறை தேடும் வேலையாகிவிடும், எங்கேயும் கிளம்பும் அளவுக்கு நேரமும் கிடைக்காது. இரண்டு திறந்த இரவுகள் சேர்ந்து வந்தால்தான் புதிதாக ஓர் ஊருக்குப் போய் ஒரு முழு நாள் இருக்க முடியும். ஓர் இரவு மட்டும் கிடைத்தால் போவதும் வருவதுமாகவே தீரும்.

அந்த இரண்டு இரவுகளை எங்கே வைப்பது என்பதில்தான் நுணுக்கம் இருக்கிறது. கடைசியில், விமானத்துக்கு முன் வைத்தால் ஏதாவது பிசகினால் விமானமே தவறும். தொடக்கத்தில் வைத்தால் வந்து இறங்கிய களைப்பில், ஊர் பிடிபடும் முன்பே முடிவெடுக்க வேண்டியிருக்கும். அசையாத ஒன்றுக்குச் சற்று முன்னால் வைப்பதே சரியான இடம். உங்கள் விஷயத்தில் அது அல்ஹம்பிராவுக்கு முன். அங்கே வைத்தால் அந்த இரண்டு இரவும் இரண்டு வேலை செய்யும். எல்லாம் சரியாகப் போனால் உங்களுக்குப் பிடித்தபடி செலவிடலாம். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தோ, ரயில் வேலைநிறுத்தத்தில் ஒரு நாள் நழுவியோ போனால் அந்த இழப்பை இந்த இரவுகள் வாங்கிக்கொள்ளும், அல்ஹம்பிரா தப்பிக்கும்.

கிழமையும் முக்கியம். வெள்ளி, சனி இரவுகளில் சுற்றுலா ஊர்களில் அறைகள் சீக்கிரம் நிரம்பும், விலையும் ஏறும். திறந்த இரவுகள் திங்கள் முதல் வியாழனுக்குள் விழும்படி பயணத்தையே நகர்த்துங்கள். அக்டோபர் 12 ஸ்பெயினின் தேசிய விடுமுறை. அது வார இறுதியை ஒட்டி வரும் ஆண்டுகளில் உள்ளூர்க்காரர்களே கூட்டமாகக் கிளம்புவார்கள். அந்த நாட்களில் ரயிலையும் அறையையும் திறந்து விடவே கூடாது.

இதையெல்லாம் வைத்து ஒரு வடிவம் தருகிறேன். புதன்கிழமை மாட்ரிட்டில் இறங்குகிறீர்கள். புதன், வியாழன், வெள்ளி இரவுகள் மாட்ரிட். சனி இரவு கோர்டோபா. ஞாயிறு, திங்கள், செவ்வாய் இரவுகள் செவில். புதன், வியாழன் இரண்டும் திறந்தவை. வெள்ளி, சனி இரவுகள் கிரனாடா, சனிக்கிழமை காலை அல்ஹம்பிரா. ஞாயிறு இரவு மலாகா, திங்கள் விமானம். மொத்தம் 12.

இதில் கோர்டோபாவை ஓர் இரவு மட்டும் வைத்ததற்குக் காரணம் உண்டு. அங்கே நீங்கள் பார்க்கப் போவது பெரும்பாலும், மசூதியாகக் கட்டப்பட்டுப் பின்பு பேராலயமான மெஸ்கிட்டா. அது இன்றும் பேராலயம் என்பதால் ஞாயிறு காலை வழிபாட்டுக்காகப் பார்வையாளர் நேரத்தில் இடைவெளி விடுகிறார்கள். மாட்ரிட்டிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரம். சனி காலை கிளம்பினால் மதியம் பையை ஓட்டலில் வைத்துவிட்டு அன்றே பார்த்துவிடலாம். திட்டம் போடும்போது இந்த மாதிரி மூடும் கிழமைகளை மட்டும் குறித்து வைத்தால் போதும், மணிக்கணக்கில் அட்டவணை தேவையில்லை. மாட்ரிட்டிலும் அதேதான்: ரெய்னா சோஃபியா அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், நீங்கள் இருக்கும் வியாழன், வெள்ளியில் அந்தச் சிக்கல் இல்லை. ஆக மாட்ரிட்டின் பகல்களை அப்படியே விட்டுவிடலாம்.

ரயில்களில் மாட்ரிட்–கோர்டோபா மட்டும் முன்பே வாங்குங்கள். அதிவேக ரயில்களின் விலை, இருக்கைகள் விற்க விற்க ஏறும், அது சனிக்கிழமையும்கூட. ஆனால் வகையைப் பார்த்து வாங்குங்கள். மிக மலிவானதை மாற்றவோ திருப்பவோ முடியாமல் போகலாம். கோர்டோபாவிலிருந்து செவிலுக்கு 45 நிமிடம்தான், ஒரு நாளில் பல ரயில்கள். அதை முந்தைய நாள் வாங்கினால் போதும். ஞாயிறு மாலை ரயில்களில் மட்டும் கூட்டம் இருக்கும், மதியமே கிளம்பிவிடுங்கள். கிரனாடாவிலிருந்து மலாகாவுக்குப் பேருந்துகள் அடிக்கடி உண்டு, அதையும் அங்கே போய் வாங்கலாம். அடிக்கடி ஓடும் குறுகிய வண்டிகளைத் திறந்து விடுங்கள், எப்போதாவது ஓடுபவற்றையும் நிரம்பும் நீண்ட தூர வண்டிகளையும் பிடித்து வையுங்கள்.

ஓட்டல்களில் "இலவச ரத்து" என்று போட்டிருப்பதற்கும் "பணம் பிறகு" என்று போட்டிருப்பதற்கும் வேறுபாடு உண்டு. பணம் பிறகு கட்டினாலும் ரத்துக்குக் கட்டணம் இருக்கக்கூடும். ரத்துக்கான கெடு எந்தத் தேதி, எத்தனை மணி என்பதைப் பதிவு உறுதியான கடிதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அது வழக்கமாக ஓட்டல் இருக்கும் ஊரின் நேரப்படி, உங்கள் ஊர் நேரப்படி அல்ல. அந்தக் கெடுவுக்கு 24 மணி நேரம் முன்பாகப் போனில் ஒரு நினைவூட்டல் வையுங்கள். திறந்த பயணம் போகிறவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் மறந்துபோன மாற்றுப் பதிவுகளால்தான்.

ரத்து செய்யக்கூடிய அறை பொதுவாகச் சற்று விலை கூடுதல். அந்தக் கூடுதல் தகுமா என்று எளிதாகக் கணக்கிடலாம். திருப்ப முடியாத அறை 100 என்றால், திருப்பக்கூடியது 112 என்று வையுங்கள். நீங்கள் மனம் மாறி ரத்து செய்ய ஏறக்குறைய ஒன்பதில் ஒரு வாய்ப்புக்கு மேல் இருந்தால் 112 கொடுப்பதே லாபம், அதற்குக் குறைவென்றால் நஷ்டம். மலாகாவின் கடைசி இரவு மாறப்போவதில்லை, அங்கே மலிவான வகையை எடுக்கலாம். மாட்ரிட்டின் முதல் இரவும் கிட்டத்தட்ட அப்படித்தான், விசா கையில் வந்த பிறகு. செவிலுக்கும் அதற்குப் பின் வரும் திறந்த இரவுகளுக்கும் திருப்பக்கூடிய வகைதான் சரி. கிரனாடாவில் நாள் மாறாது என்றாலும், உடல்நிலை காரணமாக வரமுடியாமல் போகும் அபாயம் அதற்குள் சேர்ந்திருக்கும், ஆகவே அங்கும் திருப்பக்கூடியதே என் விருப்பம்.

திறந்த இரண்டு இரவுகளைக் கையாளும் முறை இதுதான். அவற்றைக் காலியாக விடாதீர்கள். செவிலில் நீங்கள் தங்கும் அதே ஓட்டலில், ஞாயிறு முதல் செவ்வாய் வரை ஒரு பதிவும், புதன்–வியாழனுக்கு இன்னொரு தனிப் பதிவும் போடுங்கள், இரண்டாவது ரத்து செய்யக்கூடியதாக. ஐந்து இரவுக்கு ஒரே பதிவு போட்டால் நடுவில் கடைசி இரண்டை மட்டும் வெட்டிக்கொள்ள முடியுமா என்பது ஓட்டல்காரர் கையில் போய்விடும், கெடு முழுப் பதிவுக்கும் முதல் நாளிலிருந்தே எண்ணப்படும். இரண்டாகப் பிரித்தால் இரண்டாவது பதிவின் கெடு புதன்கிழமையிலிருந்து பின்னோக்கி எண்ணப்படும். ஒரு சின்னக் குறை: புதன்கிழமை அறை மாறச் சொல்லலாம். வந்ததுமே வரவேற்பில் சொல்லிவைத்தால் பெரும்பாலும் அதே அறையைக் கொடுத்துவிடுவார்கள். அதைவிட முக்கியமானது, ரத்துக் கெடு செவ்வாய்க்கிழமைக்கு முன் முடியாத ஓட்டலைத் தேர்வது. ஏழு நாள் முன்பே கெடு முடிந்துவிட்டால் அது பெயரளவில்தான் திறந்த இரவு.

முடிவெடுக்கும் நேரத்தையும் இப்போதே வைத்துவிடுங்கள்: திங்கள் மாலை. அதற்குள் செவிலில் ஒரு முழு நாள் ஆகியிருக்கும். உடம்பு எப்படி இருக்கிறது, ஊரில் பார்க்காமல் விட்டது எவ்வளவு, அடுத்த மூன்று நாள் வானிலை எப்படி என்பதை உட்கார்ந்து பேச அது போதும். அந்த மாலைக்கு மூன்று தேர்வுகளை மட்டும் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். மூன்றுக்கு மேல் எழுதினால் முடிவு வராது, ஒன்றும் எழுதாவிட்டால் அந்த மாலை முழுதும் தேடுவதிலேயே போய்விடும்.

முதல் தேர்வு செவிலிலேயே இருப்பது, அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம். இரண்டாவது ரோண்டா. செவிலிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குப் பக்கம், மலைப் பள்ளத்தாக்கின் விளிம்பில் அமைந்த சின்ன ஊர். மூன்றாவது கடலோர காடிஸ், ரயிலில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். திறந்த இடைவெளியில் ஓர் ஊரைத் தேரும்போது போகும் வழியை மட்டும் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது வெள்ளிக்கிழமை கிரனாடாவுக்கு வந்து சேரும் வழி. ரோண்டாவிலிருந்து கிரனாடா ஒரே திசையில் முன்னேறுவதுதான், ஆனால் நேரடி வண்டிகள் ஒரு நாளில் மிகக் குறைவு, நேரத்தைத் திங்கள் மாலையே பார்க்க வேண்டும். காடிஸிலிருந்து என்றால் பெரும்பாலும் செவில் பக்கமாகத் திரும்பி வந்து மாற வேண்டியிருக்கும், வெள்ளிக்கிழமையில் பாதிக்கு மேல் அதற்கே போகும். கடல் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவ்வளவு இருந்தால் போகலாம். இல்லையென்றால் காலையில் போய் இரவு திரும்பி, செவில் அறையை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

திங்கள் மாலை "ரோண்டா" என்று முடிவானால் செய்யும் வரிசையும் முக்கியம். முதலில் ரோண்டாவில் அறையைப் பதிவு செய்து உறுதிக் கடிதம் வந்ததைப் பாருங்கள். பிறகு வெள்ளிக்கிழமை வண்டி டிக்கெட். கடைசியாகத்தான் செவிலின் இரண்டாவது பதிவை ரத்து செய்ய வேண்டும். தலைகீழாகச் செய்து நடுவில் ஏதாவது ஒன்று கிடைக்காமல் போனால் கையில் அறையே இருக்காது.

பகல்களுக்கு என் வரம்பு: ஒரு நாளில் நேரம் குறித்த விஷயம் ஒன்றுக்கு மேல் வேண்டாம், ஊர் மாறும் நாளில் ஒன்றுமே வேண்டாம். நேரம் குறித்த இரண்டை ஒரே நாளில் வைத்தால் முதலாவது நன்றாக இருந்தாலும் இரண்டாவதற்காகப் பாதியில் கிளம்ப வேண்டிவரும். செவிலின் அல்காஸார் அரண்மனைக்கும் நேர டிக்கெட்தான். அதைத் திங்கள் காலைக்கு எடுத்து, மதியத்துக்குப் பின் எதையும் வைக்காதீர்கள். மாட்ரிட்டில் பிராடோ அருங்காட்சியகம் திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8 வரை கட்டணமில்லை, ஆனால் வரிசை நீளும். ஓவியங்களில் மிகுந்த ஆர்வம் இருந்தால் காலை டிக்கெட் வாங்குங்கள், இல்லையென்றால் அதை அன்றைய மாலை மனநிலைக்கு விட்டுவிடலாம்.

விசா தேவைப்படுபவர்கள் என்றால் இன்னொன்று. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து, குறைந்தது 15 நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம், தங்கும் இடத்துக்கான ஆதாரம் கேட்பார்கள். மேலே சொன்ன இரட்டைப் பதிவு முறையில் 12 இரவுக்கும் உண்மையான பதிவு கையில் இருப்பதால் அங்கே சிக்கல் வராது. விசா வரும்வரை அல்ஹம்பிரா தவிர திருப்ப முடியாத எதையும் வாங்காமல் இருப்பது நல்லது, விமானத்தையும் திருப்பக்கூடிய வகையில் எடுங்கள்.

கடைசியாக, நீங்கள் பார்க்கும்போது சனிக்கிழமை அல்ஹம்பிரா தீர்ந்திருந்தால் என்ன செய்வது? முதலில் வெள்ளி மாலைக்கோ, ஞாயிறு காலைக்கோ பாருங்கள். ஞாயிறு என்றால் மலாகா பேருந்தை மாலைக்குத் தள்ளினால் போதும். நஸ்ரிட் அரண்மனைகளை இரவில் பார்க்கத் தனி டிக்கெட்டும் சில கிழமைகளில் உண்டு. வியாழக்கிழமை மட்டும்தான் கிடைக்கிறது என்றால் புதன், வியாழன் இரவுகளைக் கிரனாடாவுக்கு மாற்ற வேண்டும். அப்போது திறந்த இரவுகள் வெள்ளி, சனிக்கு நகர்ந்துவிடும், வார இறுதி, அதுவும் விமானத்துக்கு மிக அருகில். அந்த நிலையில் இரவுகளைத் திறந்து விடாதீர்கள். வெள்ளி முதல் ஞாயிறு வரை மூன்று இரவும் மலாகாவில் பதிவு செய்துவிட்டு, அங்கிருந்து காலையில் எங்கே போவது என்பதை மட்டும் அன்றன்று முடிவு செய்யுங்கள். செவிலுக்கான இரண்டாவது பதிவும் அப்போது தேவைப்படாது.